பிடரிச் சுழி

முடி வெட்டிக்கொண்டு வந்த அன்று பின்கழுத்து ஒழுங்காகத்தான் இருக்கும். மறுநாள் தலைக்குக் குளித்துத் துவட்டியதும் பிடரியின் ஒரு பக்கத்தில் ஒரு கொத்து மட்டும் மேல்நோக்கிக் கிளம்பி நிற்கும். சீப்பால் அழுத்தினால் படியும், கையை எடுத்தால் எழும்பிவிடும். வெட்டியவர் சரியாக வெட்டவில்லை என்று தோன்றும். அதில் பாதி உண்மை. அந்த இடத்தில் ஒரு சுழி இருக்கிறது. அதைப் பார்க்காமல், மற்ற இடத்தை வெட்டுவது போலவே அங்கேயும் வெட்டிவிட்டார்கள்.

உச்சிச் சுழியை எல்லோருக்கும் தெரியும். குழந்தைக்கு மொட்டை போட்டதும் பாட்டிமார் முதலில் தேடுவது அதைத்தான். இரட்டைச் சுழி என்றால் இரண்டு கல்யாணம் என்கிற பேச்சு வரைக்கும் போகும். பிடரிச் சுழியை யாரும் தேடுவதில்லை. தன் பிடரியைத் தானே பார்க்க முடியாது, நீளமாக முடி வைத்திருந்தால் அது வெளியே தெரியவும் தெரியாது. முடியைக் குட்டையாக வெட்டும்போதுதான் அது தலைகாட்டும். கழுத்தின் மயிர்க்கோட்டிலிருந்து ஒரு விரல், இரண்டு விரல் மேலே, பெரும்பாலும் இடப்பக்கமோ வலப்பக்கமோ ஒதுங்கி இருக்கும். சிலருக்கு இரண்டு பக்கமும் உண்டு. இன்னும் சிலருக்கு முழுச் சுழியாக இல்லாமல், கழுத்தோர முடி மொத்தமும் மேல்நோக்கியோ நடுவை நோக்கியோ வளரும். எல்லாவற்றுக்கும் வைத்தியம் ஏறக்குறைய ஒன்றுதான்.

நான் ஆண்களுக்கும் பெண்களுக்கும் முடி வெட்டுகிறவள். சுழியை வெட்டி எடுத்துவிட முடியாது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். முடி எந்தப் பக்கம் சாய்ந்து வெளியே வரவேண்டும் என்பதைத் தோலுக்குள் இருக்கிற வேர்ப்பை தீர்மானிக்கிறது. அந்தச் சாய்வு தாயின் வயிற்றிலேயே அமைந்துவிடுகிறது. இதில் மரபணுவுக்கும் பங்கு உண்டு. ஃபிரிஸில்டு 6 என்ற மரபணுவை நீக்கி வளர்த்த எலிகளின் பாதங்களில் முடி சுழியாக வளர்ந்ததை 2004-ல் அமெரிக்க ஆய்வாளர்கள் காட்டினார்கள். ஆகவே நாலு முறை மழித்தால் சுழி மாறிவிடும், எண்ணெய் வைத்து வாரிக்கொண்டே இருந்தால் பழகிவிடும் என்பதெல்லாம் நடக்காது. நம் கையில் இருப்பது நீளம் மட்டுமே. எந்த முடி எவ்வளவு நீளம் இருக்க வேண்டும் என்பதைச் சரியாக முடிவு செய்தால் சுழி அடங்கியிருக்கும்.

நீளம் ஏன் இவ்வளவு முக்கியம்? ஒரு சாண் ஈர்க்கைக் கிடையாகப் பிடித்தால் விறைப்பாக நிற்கும். அதையே முழு நீளத்துக்குப் பிடித்தால் நுனி தானாகத் தாழும். முடியும் அப்படித்தான். ஒரு முனையில் பிடிபட்டு நிற்கிற எந்த மெல்லிய தண்டும், நீளம் இரண்டு மடங்கானால் தன் எடையாலேயே 16 மடங்கு அதிகமாகத் தாழும் என்பது இயந்திரவியல் கணக்கு. ஒரு சென்டிமீட்டரில் முட்டிக்கொண்டு நிற்கிற முடி ஐந்து சென்டிமீட்டரில் வளைந்து கீழே படுத்துவிடுவது அதனால்தான். தடிமனுக்கும் இதே மாதிரி கணக்கு உண்டு. தடித்த முடி மெல்லிய முடியைவிடப் பல மடங்கு விறைப்பு. நம் ஊரில் பலருக்கும் முடி தடிமன், அதனால் சுழியும் கொஞ்சம் பிடிவாதம் காட்டும்.

இதிலிருந்து ஒரு விஷயம் தெளிவாகும். சுழிக்கு ஆகாத நீளம் ஒன்று இருக்கிறது. என் அனுபவத்தில் அது ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டரிலிருந்து மூன்று சென்டிமீட்டர் வரை. அதற்குக் கீழே, மூன்று மில்லிமீட்டர் அளவில், முடி எந்தப் பக்கம் நின்றாலும் கண்ணுக்கு உறுத்தாது. அதற்கு மேலே, நாலு ஐந்து சென்டிமீட்டரில், தன் எடையே அதைப் படுக்க வைக்கும். நடுவில்தான் தொல்லை. குட்டை முடியென்று நாம் கேட்டு வெட்டிக்கொள்கிறவற்றில் பெரும்பாலானவை பிடரியில் இந்த நடு நீளத்திலேயே வந்து நிற்கின்றன. அதனால் சுழியுள்ள இடத்தை ஒன்று நன்றாகக் குறைக்க வேண்டும், இல்லை நன்றாக விட வேண்டும்.

அதற்கு முன் சுழி எங்கே இருக்கிறது, எதுவரை அதன் ஆட்சி என்று பார்க்க வேண்டும். இங்கேதான் தண்ணீர் பாட்டில் கெடுக்கிறது. உட்கார வைத்ததும் பிடரியில் தண்ணீர் அடித்துச் சீவிவிட்டால் ஈர முடி எல்லாம் சமர்த்தாகக் கீழே படுத்துக்கொள்ளும். சுழி மறைந்துபோகும். முடிக்குள் இருக்கிற ஹைட்ரஜன் பிணைப்புகளை நீர் தளர்த்திவிடுகிறது. காயும்போது அவை மறுபடி பிணைந்துகொள்ளும். ஈரத்தில் இழுத்துப் பிடித்து நேராக வெட்டிய முடி, காய்ந்ததும் தன் சாய்வுக்குத் திரும்பி மேலே ஏறிக்கொள்வது இதனால்தான். ஆகவே பிடரியைக் காய்ந்த முடியாகவே பார்க்க வேண்டும், காய்ந்த முடியாகவே வெட்ட வேண்டும்.

பார்க்கும் விதம் எளிது. உள்ளங்கையால் பிடரி முடியைக் கீழிருந்து மேலாக இரண்டு மூன்று முறை கலைத்துவிட்டுக் கையை எடுத்துவிட வேண்டும். முடி தன் பாட்டுக்கு எந்தப் பக்கம் விழுகிறதோ அதுதான் அதன் உண்மையான திசை. பிறகு சீப்பின் நுனியால் சிறு சிறு கற்றையாகத் தூக்கி விட்டுப் பார்க்க வேண்டும். சுழியின் நடுவிலிருந்து மேலே மேலே போனால் ஓர் இடத்தில் கற்றை தயங்காமல் நேராகக் கீழே விழும். அந்த இடம்தான் எல்லை. அதற்குக் கீழே சுழியின் பேச்சு, அதற்கு மேலே நம் பேச்சு. வேலை முழுவதும் இந்த எல்லையைப் பொறுத்தே இருக்கிறது.

ஒரு வேலையை முழுதாகச் சொன்னால் விளங்கும். திருப்பதியில் முடி கொடுத்துவிட்டு வந்த அக்கா ஒருவர், ஐந்து மாதம் கழித்து வந்தார். முடி மாதத்துக்கு ஒன்றேகால் சென்டிமீட்டர் அளவுக்கு வளரும். அவருக்குத் தலை முழுக்க ஏறத்தாழ ஆறு சென்டிமீட்டர் இருந்தது. மேலே அழகாகப் படிந்திருந்தது. பிடரியில் இடப்பக்கம் மட்டும் ஒரு பிடி முடி காதை நோக்கித் திரும்பி நின்றது. வேறோர் இடத்தில் அது கனமாக இருக்கிறதென்று பல் கத்தரி போட்டிருக்கிறார்கள். தின்னிங் கத்தரி என்று சொல்வோமே, ஒரு பக்கம் சீப்பு மாதிரி பல் வைத்தது. அதற்குப் பிறகு இன்னும் மோசமாகிவிட்டது என்றார்.

மோசமாகத்தான் ஆகும். அந்தக் கத்தரி ஒரு கற்றையில் சில முடிகளை மட்டும் நறுக்கும். வேருக்குப் பக்கத்தில் போட்டால், உள்ளே ஒரு சென்டிமீட்டர், ஒன்றரை சென்டிமீட்டரில் குட்டை முடிகள் முட்டுக் கொடுத்த மாதிரி நிற்கும். நீண்ட முடி படுக்க நினைத்தாலும் அவை கீழிருந்து தள்ளும். கனத்தைக் குறைத்தால் படியும் என்று நினைப்பது இயல்பு. சுழியில் அந்தக் கனமே முடியைப் படுக்க வைக்கிறது, அதைக் குறைத்தால் எழும்பும்.

அவர் முடியைக் கலைத்துப் பார்த்தேன். சுழியின் நடு, மயிர்க்கோட்டிலிருந்து இரண்டு சென்டிமீட்டர் மேலே இருந்தது. அதைச் சுற்றி மூன்று சென்டிமீட்டர் அகலத்துக்கு முடி திசை மாறி வளர்ந்தது. நடுவிலிருந்து ஒன்றரை சென்டிமீட்டர் மேலே போனதும் கற்றை நேராக விழுந்தது. அந்த எல்லையில் இருக்கிற ஆறு சென்டிமீட்டர் முடியைக் கீழே சீவினால் சுழியை மூடி, மயிர்க்கோட்டையும் தாண்டி இரண்டரை சென்டிமீட்டர் இறங்கும். மூடுவதற்குத் தேவைக்கு மேலேயே துணி இருக்கிறது. அப்படியானால் சுழியைச் சின்னதாக்கி, மேலே இருப்பதைக் கொண்டு மறைத்துவிடலாம்.

மெஷினை எடுத்ததும் அக்கா திரும்பிப் பார்த்தார்.

“மறுபடி மெஷினாம்மா? இப்பத்தான் முளைச்சு வந்திருக்கு.”

“உள்ளே மட்டும்தான் அக்கா. மேலே இருக்கற முடி வந்து மூடிக்கும், வெளியே தெரியாது.”

“வேற வழியே இல்லையா?”

“இருக்கு. அந்த இடத்தை வெட்டாம இன்னும் ரெண்டு மாசம் வளர விடணும். அதுவரைக்கும் உள்ள இருக்கற குட்டை முடி தள்ளிக்கிட்டேதான் இருக்கும்.”

கொஞ்சம் யோசித்துவிட்டுச் சரி என்றார். எல்லைக்கு மேலே இருக்கிற முடி முழுவதையும் காதிலிருந்து காது வரை வகிடெடுத்து, மேலே தூக்கி கிளிப் போட்டேன். மெஷினில் ஒன்றாம் நம்பர் சீப்பை மாட்டினேன். அது முடியை மூன்று மில்லிமீட்டர் விடும். இரண்டாம் நம்பர் ஆறு மில்லிமீட்டர். நம்பர் எதுவானாலும், மெஷினை எந்தத் திசையில் ஓட்டுகிறோம் என்பதைப் பொறுத்து அளவு மாறும். முடி வளர்கிற திசைக்கு எதிராக ஓட்டினால் குறைவாக நிற்கும். அதே திசையில் ஓட்டினால் மெஷின் முடியைப் படுக்க வைத்து அதன் மேல் வழுக்கிக்கொண்டு போகும், நீளம் அதிகமாக நிற்கும். பிடரியில் கீழிருந்து மேலாக ஒரே வீச்சில் ஓட்டுவது எல்லோருக்கும் கைப்பழக்கம். சுழியில் அப்படி ஓட்டினால் ஒரு பாதி எதிர்த்திசையிலும் இன்னொரு பாதி அதே திசையிலும் வெட்டுப்படும். கால்புள்ளி வடிவில் கறுப்பாக ஒரு திட்டு மிஞ்சும். ஒரே நம்பரில் வெட்டிய பிடரியில் அந்தத் திட்டைப் பார்த்தால், திசை பார்க்காமல் ஓட்டியிருக்கிறார்கள் என்று சொல்லிவிடலாம்.

அதனால் சுழிக்குள் மெஷின் நேராகப் போகக்கூடாது. நடுவைச் சுற்றி, ஒவ்வொரு பக்கமும் முடி எங்கிருந்து எங்கே சாய்கிறதோ அதற்கு எதிராக, சின்னச் சின்ன வீச்சாகத் திருப்பித் திருப்பி ஓட்ட வேண்டும். மணிக்கட்டைத் திருப்புவதைவிட நாற்காலிக்கு இந்தப் பக்கம் அந்தப் பக்கம் நாம் நகர்ந்து நிற்பது சுலபம். ஒவ்வொரு வீச்சுக்கும் பிறகு விரலால் தடவிப் பார்த்தால் விடுபட்ட இடம் கையில் உறுத்தும், கண்ணைவிடக் கை அதை முதலில் சொல்லும்.

வலப்பக்கம் சுழி இல்லை. இடப்பக்கம் மட்டும் குறைத்துவிட்டு விட்டால் ஒரு பக்கம் ஒட்டியும் ஒரு பக்கம் உப்பியும் தெரியும். அங்கே முடி கீழ்நோக்கியே வளர்வதால் எந்த நீளத்திலும் படியும், ஆகவே மெஷின் வேண்டியதில்லை. சீப்பை வைத்துக் கத்தரியால் ஒன்றரை, இரண்டு சென்டிமீட்டருக்குக் குறைத்தேன். இரண்டு பக்கமும் கனம் சமமாயிற்று.

பிறகு கிளிப்பை எடுத்து மேல் முடியை இறக்கினேன். இந்தக் கட்டத்தில் முடியை விரலிடுக்கில் இழுத்துப் பிடிக்கக் கூடாது. சீப்பால் கீழே சீவி, கையை எடுத்து, அது தானாக எங்கே நிற்கிறதோ அங்கே வெட்ட வேண்டும். நுனியைக் குறுக்கே ஒரே கோடாக வெட்டாமல், கத்தரியைச் செங்குத்தாகப் பிடித்து நுனியில் மட்டும் குத்திக் குத்தி வெட்டினால், ஓரம் மெலிந்து கழுத்தோடு ஒட்டும். இது கனத்தைக் குறைப்பதில்லை. வேர்ப்பக்கம் அப்படியே இருக்கிறது, நுனி மட்டும் இளகுகிறது.

தலையைக் குனிய வைப்பதிலும் ஒரு கணக்கு உண்டு. “குனிங்க, இன்னும் குனிங்க” என்று தாடை நெஞ்சில் படுகிற வரை குனிய வைப்போம். கழுத்துத் தோல் அப்போது இழுபட்டிருக்கும். நிமிர்ந்ததும் தோல் சுருங்கி மயிர்க்கோடு இடம் மாறும், கீழே நேராகத் தெரிந்த ஓரம் மேலே கோணலாகும். மெஷின் வேலைக்குக் குனியலாம். கடைசி ஓரத்தை மட்டும் அவர் நிமிர்ந்து, வழக்கமாகத் தலையை வைத்துக்கொள்கிற விதத்தில் வைத்துத்தான் முடிக்க வேண்டும். அக்காவை எழுந்து நிற்கச் சொல்லிப் பார்த்தேன். தலையை இரண்டு பக்கமும் திருப்பச் சொன்னேன். சட்டைக் காலர் போடுகிறவர்களாக இருந்தால் காலரோடும் பார்ப்பேன், காலரில் நுனி முட்டினால் நாள் முழுக்க அது முடியை மேலே தள்ளிக்கொண்டே இருக்கும்.

இந்த வழிக்கு ஒரு விலை உண்டு. மூன்று மில்லிமீட்டரில் விட்ட இடம் ஒரு மாதத்தில் ஒன்றரை சென்டிமீட்டரை எட்டிவிடும், அதாவது ஆகாத நீளத்துக்குள் வந்துவிடும். மூடியிருக்கிற முடியைக் கீழிருந்து தள்ளத் தொடங்கும். மூன்று, நாலு வாரத்துக்கு ஒருமுறை அந்த உள்பகுதியை மட்டும் குறைத்துக்கொள்ள வேண்டும். ஐந்து நிமிட வேலைதான், ஆனாலும் வரவேண்டும். வர முடியாதவர்களுக்கு நீளமாக விடுகிற வழியைத்தான் சொல்வேன்: சுழியில் நாலரை, ஐந்து சென்டிமீட்டர் இருக்கட்டும், கழுத்தில் கொஞ்சம் இறங்கட்டும், கத்தரி நுனியைத் தவிர எங்கும் படவேண்டாம்.

ஆண்களின் வெட்டில் மூடுவதற்கு மேலே அவ்வளவு முடி இருக்காது. அங்கே கணக்கு வேறு. இப்போது எல்லோரும் கேட்கிற ஃபேட் வெட்டில் கழுத்தோரம் தோல் தெரிகிற அளவில் தொடங்கி, மேலே போகப் போக நீளம் கூடும். ஃபேட்டைத் தாழ்வாக வைத்தால், ஒரு சென்டிமீட்டர், ஒன்றரை சென்டிமீட்டர் நீளம் வருகிற பட்டை நேராகச் சுழியின் மேலேயே வந்து உட்காரும். பிடரியில் கொத்தாக நிற்கிற முடியோடு பள்ளிக்கூடப் பிள்ளைகள் பலரைப் பார்க்கலாம், காரணம் பெரும்பாலும் இதுதான். சுழியின் எல்லை வரை மூன்று மில்லிமீட்டர், ஆறு மில்லிமீட்டரில் முடித்துவிட்டு, நீளம் கூடுகிற பட்டையை எல்லைக்கு மேலே ஏற்றினால் தொல்லை தீரும். ஃபேட் ஒன்றரை விரல் உயரமாகத் தெரியும். கேட்டவர் மனசில் இருந்த படத்துக்கு அது கொஞ்சம் மாறும், அதை வெட்டுவதற்கு முன்பே சொல்லிவிட வேண்டும்.

எழும்பி நிற்கிற கொத்தை மட்டும் கத்தரியால் நறுக்கிவிடுவது, வீட்டிலும் கடையிலும் நடக்கிற பெரிய தப்பு. நறுக்கியதும் சரியாகிவிட்ட மாதிரி இருக்கும். ஒரு பள்ளம் விழுந்திருப்பது வெளிச்சத்தில் தெரியும். பத்துப் பதினைந்து நாளில் அந்த முடி இன்னும் விறைப்பான நீளத்தில் முளைத்து முன்னைவிட நேராக நிற்கும். பள்ளம் ஆறுவதற்கு இரண்டு மூன்று மாதம் ஆகும்.

டிரையர் வைத்துப் படியவைக்கலாமே என்று கேட்பார்கள். முடியும். ஈரமாக இருக்கும்போதே வேரோரத்தில் சீப்பால் இடமும் வலமும் மாறி மாறிச் சீவி, காற்றை மேலிருந்து கீழ்நோக்கி விட்டுக் காயவைத்தால், பிணைப்புகள் அந்த நிலையிலேயே இறுகும். ஆனால் நனைந்தால் மறுபடி தளரும். சென்னையிலோ தூத்துக்குடியிலோ வெயிலில் பஸ் ஏறி இறங்கினால் முதலில் வியர்ப்பது பிடரி. பதினொரு மணிக்குள் டிரையர் செய்த வேலை போய்விடும். தேங்காய் எண்ணெய், ஜெல் எல்லாம் மூன்று நாலு சென்டிமீட்டர் முடியை ஒட்டிப் பிடிக்கும், ஒரு சென்டிமீட்டர் முடியிடம் செல்லாது. நம் ஊர் வெக்கைக்கு வெட்டுதான் தாங்க வேண்டும்.

எந்த வெட்டுக்கும் அடங்காத சுழியும் இருக்கிறது. மயிர்க்கோட்டின் ஓரத்திலேயே சுழி உட்கார்ந்து, முடி அங்கிருந்தே மேல்நோக்கி ஏறினால், கீழ் ஓரம் எப்போதும் ஒரு பக்கம் கோணலாகத்தான் இருக்கும். அதை நேராக்குகிறேன் என்று மயிர்க்கோட்டையே மேலே ஏற்றி, பிளேடால் சதுரமாகக் கோடு போட்டுவிடுகிறவர்கள் உண்டு. அன்றைக்கு நன்றாக இருக்கும். நாலாம் நாள் கோட்டுக்குக் கீழே கறுப்பாகக் குருத்து கிளம்பும். சுழியின் முடி பல திசையில் சாய்வதால் பிளேடு எங்காவது எதிர்த்திசையில் ஓடியே தீரும். தோலோடு ஒட்ட வெட்டுப்பட்ட தடித்த, சுருண்ட முடி வெளியே வராமல் தோலுக்குள்ளேயே வளைந்து வளரும். பிடரியில் அரிப்பும் சிவந்த பருக்களும் வருவது அப்படித்தான். சிலருக்கு அந்தப் பருக்கள் கெட்டியான தழும்புக் கட்டிகளாக மாறி, அங்கே முடியே முளைக்காமல் போகும். தோல் மருத்துவர்கள் அதை அக்னே கீலாய்டாலிஸ் நூக்கே என்பார்கள். சுருள்முடி உள்ள ஆண்களிடம் அதிகம், கறுப்பின ஆண்களிடம் மிக அதிகம், நம்மிடமும் உண்டு. பிடரியில் இப்படி ஒரு கட்டி தட்டுப்பட்டால் பிளேடையும் தோலொட்ட ஓட்டுகிற மெஷினையும் அந்த இடத்தில் நிறுத்திவிட்டு, முதலில் மருத்துவரிடம் காட்ட வேண்டும். ஓரத்துச் சுழிக்கு நான் கோடு போடுவதில்லை. சீப்பில்லாத மெஷினின் நுனியால், முடி சாய்கிற திசையிலேயே மெல்ல ஓட்டி, ஓரம் எங்கே முடிகிறது என்று தெரியாதபடி கரைத்துவிடுவேன்.

கடைக்குப் போகிறவர்கள் செய்யக்கூடியது கொஞ்சம் இருக்கிறது. முந்தின நாள் தலைக்குக் குளித்து, எண்ணெய் வைக்காமல், காய்ந்த முடியோடு போங்கள். தண்ணீர் அடிப்பதற்கு முன்னால், “அண்ணே, பின்னாடி இடப்பக்கம் சுழி இருக்கு, கலைச்சுப் பாத்துட்டு வெட்டுங்க” என்று சொல்லுங்கள். எந்தப் பக்கம் என்று தெரியாவிட்டால், வீட்டில் யாரையாவது பிடரியைக் கலைத்துவிட்டு மொபைலில் ஒரு படம் எடுக்கச் சொல்லி அதைக் காட்டலாம். பல் கத்தரி அங்கே வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். வெட்டி முடித்துப் பின்னால் கண்ணாடி காட்டும்போது, உங்கள் கையாலேயே பிடரியை ஒருமுறை கீழிருந்து மேலாகக் கலைத்துவிட்டுப் பாருங்கள். எழும்பி நின்றால் நாற்காலியை விட்டு எழுந்திருக்காமல் அப்போதே சொல்லுங்கள். இன்னொரு இரண்டு நிமிடம் மெஷினைத் திருப்பிப் பிடித்து ஓட்ட யாரும் மறுக்கமாட்டார்கள்.